ஒரே மெயிலுக்கு இரண்டு பதில் போகாத சப்போர்ட் பெட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து பேர் சேர்ந்து பார்க்கும் ஒரு சப்போர்ட் மெயில் பெட்டியை மாற்றி அமைத்த விவரம் இது. மாதச் சந்தாவில் இயங்கும் ஒரு மென்பொருள் சேவை. வாடிக்கையாளர்கள் எழுதுவதெல்லாம் ஒரே பெட்டியில் வந்து விழும். ஐவருக்கும் ஒரே பாஸ்வேர்ட். சிலர் கணினியில் பார்ப்பார்கள், சிலர் கைபேசியில். யார் எதை எடுப்பது என்பதற்கு எங்கும் எழுதி வைக்காத ஒரு விதி இருந்தது: தலைப்பு தடித்த எழுத்தில் இருந்தால் அதை யாரும் தொடவில்லை, மெல்லிய எழுத்தாக மாறியிருந்தால் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த விதியை நம்பிப் பெட்டி ஓரளவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவ்வப்போது ஒரே ஆளுக்கு இரண்டு பதில் போகும், மன்னிப்புக் கேட்டு மூன்றாவது மெயில் போகும். அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கீழே சொல்லும் நிகழ்வுக்குப் பிறகுதான் வடிவமைப்பையே மாற்றுவது என்று முடிவானது.

நடந்தது

பகல் 1:41-க்கு ஒரு வாடிக்கையாளரின் மெயில் வந்தது. இந்த மாதம் இரண்டு முறை பணம் பிடித்திருக்கிறீர்கள், ஒன்றைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதியிருந்தார். சப்போர்ட் முகவரிக்கு அனுப்பி, பில்லிங் முகவரியையும் சிசியில் சேர்த்திருந்தார். இரண்டு முகவரிகளும் ஒரே பெட்டியில்தான் வந்து முடிகின்றன. ஆகவே பெட்டியில் அந்த மெயிலுக்கு இரண்டு பிரதிகள் நின்றன.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியப்போகிற ஒருவர் 1:46-க்கு முதல் பிரதியைக் கைபேசியில் திறந்தார். கட்டணப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். இரண்டாவது தொகை உண்மையில் பிடிக்கப்படவில்லை; வங்கி தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தது, அது தானாக விடுபடும். அதை விளக்கி எழுதி 1:55-க்கு அனுப்பு பொத்தானை அழுத்தினார். அந்த இடத்தில் கைபேசிக்கு சிக்னல் இல்லை. பதில் கைபேசியின் அவுட்பாக்ஸிலேயே தங்கிவிட்டது.

அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் 2:03-க்குப் பெட்டியைப் பார்த்தார். இரண்டாவது பிரதி இன்னும் தடித்த எழுத்தில் இருந்தது. அனுப்பியவை கோப்புறையிலும் அந்த வாடிக்கையாளருக்கு எந்தப் பதிலும் இல்லை. விதிப்படி அவர் செய்தது சரிதான்: மெயிலை எடுத்து, ஒரு தொகையைத் திருப்பி அனுப்பிவிட்டு, 2:09-க்கு அதைத் தெரிவித்து எழுதினார். 2:31-க்கு முதலாமவரின் கைபேசிக்கு சிக்னல் கிடைத்தது. "நாங்கள் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை, தானாகச் சரியாகிவிடும்" என்ற பழைய பதில் அப்போதுதான் கிளம்பிப் போனது.

இதில் எது உண்மை என்று வாடிக்கையாளர் கேட்டார். இரண்டுமே ஒரு வகையில் உண்மை, அதுதான் சிக்கல். வங்கி நிறுத்தி வைத்த தொகை தானாக விடுபட்டது. அதோடு நிஜமாகப் பிடித்த தொகையும் திரும்பிப் போய்விட்டது. அந்த மாதச் சந்தாவையே திரும்பக் கேட்க வேண்டிய நிலை. இரட்டைப் பதில் என்றால் வாசகங்கள் மட்டும் இரட்டிப்பதில்லை, அதன் பின்னால் நடக்கும் வேலையும் முரண்படுகிறது என்பது இங்கே தெளிவாகத் தெரிந்தது.

அனுப்பியவை கோப்புறை சொன்னது

இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருப்பதால்தான் இரட்டைப் பதில் போகிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். எனவே பதில் எழுதும்போது மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி ஒரு அடையாளம் வைத்தால் போதும் என்று முதலில் பேச்சு வந்தது. அதைச் செய்வதற்கு முன் பழைய இரட்டைகளை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது என்று பட்டது.

பார்ப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. பதிலாக அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் பொதுவாக `In-Reply-To` என்ற வரி இருக்கும். எந்த மெயிலுக்குப் பதில் என்பதை, அந்த மெயிலின் தனி அடையாளமான `Message-ID`-யைக் கொண்டு அது சொல்லும். அனுப்பியவை கோப்புறையை இந்த வரியின்படி தொகுத்து, ஒன்றுக்கு மேல் வருவதை எடுத்தால் ஒரே மெயிலுக்குப் போன இரட்டைப் பதில்கள் கிடைக்கும். ஆனால் இதோடு நிறுத்தக் கூடாது. வாடிக்கையாளர் ஒரே கேள்வியை இரண்டு தனி மெயில்களாக எழுதியிருந்தால் இந்தத் தொகுப்பில் அது சிக்காது. அதனால் இன்னொரு முறை, பெறுநரின் முகவரிப்படி தொகுத்தோம்: நடுவில் அவரிடமிருந்து எதுவும் வராமல், ஒரு நாளுக்குள் இரண்டு வேறு ஊழியர்களிடமிருந்து பதில் போயிருக்கிறதா?

இரண்டாவது தொகுப்புதான் அதிகம் சொன்னது. இருவர் உண்மையிலேயே ஒரே சமயத்தில் எழுதிய நிகழ்வுகள் இருந்தன, ஆனால் அவை சிறுபான்மை. கேள்வி ஒன்று, மெயில் இரண்டு என்ற வகை அதைவிட அதிகம்: சிசியில் வந்த பிரதி, அல்லது "ஸ்கிரீன்ஷாட் சேர்க்க மறந்துவிட்டேன்" என்று புதுத் தலைப்பில் வந்த இன்னொரு மெயில். மூன்றாவது வகை, ஒருவர் எடுத்துவிட்டுப் பாதியில் போய், வேறொருவர் முடித்த பிறகு முதலாமவரின் பதில் தாமதமாகக் கிளம்புவது. மேலே சொன்ன நிகழ்வில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே நடந்திருக்கின்றன. யாரும் யாரோடும் ஒரே நிமிடத்தில் மோதிக்கொள்ளவில்லை. "இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்" என்ற அடையாளம் அன்று இருந்திருந்தாலும் 2:03-க்கு அது எதையும் காட்டியிருக்காது.

தடித்த எழுத்து ஏன் பூட்டாகாது

சர்வரில் இருக்கும் பெட்டியைப் பல கருவிகளில் பார்க்க உதவும் ஐமேப் நெறிமுறையில் ஒவ்வொரு மெயிலுக்கும் சில கொடிகள் உண்டு. `\Seen` என்பது திறந்து பார்த்தாகிவிட்டது என்பதற்கு, `\Answered` என்பது பதில் போய்விட்டது என்பதற்கு. தடித்த எழுத்து என்பது `\Seen` இல்லை என்பதன் தோற்றம், அவ்வளவுதான். ஆர்வத்தில் திறந்து பார்த்தாலும் அந்தக் கொடி விழும். `\Answered` கொடியை அனுப்புகிற மென்பொருள் பதில் போன பிறகு போடுகிறது; எழுதிக்கொண்டிருக்கும் இருபது நிமிடமும் அது எதையும் சொல்லாது.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று இருக்கிறது. கொடி போடும் கட்டளையை இருவர் அனுப்பினால் இருவருக்குமே "ஓகே" என்றுதான் சர்வர் பதில் தரும். ஏற்கெனவே கொடி இருந்தாலும் அது பிழை அல்ல. பூட்டுக்கு வேண்டிய குணம் நேர் எதிரானது: இரண்டு பேர் கேட்டால் ஒருவருக்குக் கிடைத்தது என்றும், மற்றவருக்குக் கிடைக்கவில்லை என்றும் வர வேண்டும். ஐமேப்பிலேயே இதற்கு ஒரு நீட்டிப்பு உண்டு. `UNCHANGEDSINCE` என்று சேர்த்துக் கட்டளை கொடுத்தால், நடுவில் வேறொருவர் மாற்றியிருக்கும் பட்சத்தில் சர்வர் மறுத்துவிடும். இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களில் 7162-ஆவதில் இது இருக்கிறது. ஆனால் ஒரு மெயிலை எடுத்துக்கொள்வதற்கான பூட்டாக இதைப் பயன்படுத்த மெயில் மென்பொருள்கள் தாமாக முன்வருவதில்லை. கொடி மறுக்கப்பட்டாலும் மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி வழியாகப் பதில் போவதை அது தடுக்கப்போவதும் இல்லை. கொடி ஒரு பக்கம், அனுப்பும் வழி இன்னொரு பக்கம் என்று இருக்கும்வரை பூட்டு என்று ஒன்று கிடையாது.

அதனால் மெயில்கள் பெட்டியிலிருந்து ஒரு டேட்டாபேஸுக்கு வந்து சேரும்படியும், ஐவரும் ஒரு வலைப்பக்கத்தில் அவற்றைப் பார்க்கும்படியும், பதில் அந்தப் பக்கத்தின் வழியாக மட்டுமே போகும்படியும் மாற்றினோம். பழைய பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். அனுப்பும் கணக்கு அனுப்புகிற நிரலிடம் மட்டும் இருக்கும். பலர் இந்தக் கடைசிப் படியைத் தள்ளிப்போடுகிறார்கள், கைபேசியில் பார்க்க வசதியாக இருக்கிறது என்பதற்காக. ஒரே ஒரு கைபேசி பழைய வழியில் அனுப்ப முடிந்தாலும் மற்ற ஏற்பாடு எல்லாம் வெறும் வேண்டுகோளாகிவிடும்.

எடுத்துக்கொள்வது ஒரே அடியில் நடக்க வேண்டும்

முதலில், எப்போது ஒரு மெயில் ஒருவருடையதாகிறது? திறந்ததுமே அவருடையது என்று வைத்தால், சும்மா மேலோட்டமாகப் பார்க்கிறவர் பத்து மெயிலைப் பூட்டிவிடுவார். தனியாக ஒரு "எடுத்துக்கொள்" பொத்தான் வைத்தால் அவசரத்தில் அழுத்த மறப்பார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது "பதில் எழுது" பொத்தானை. அதை அழுத்தினால்தான் எழுதும் பெட்டி திறக்கும். எடுத்துக்கொள்வதும் அதே நொடியில் நடக்கும். கிடைக்கவில்லை என்றால் எழுதும் பெட்டியே திறக்காது, யாரிடம் இருக்கிறது, எத்தனை மணியிலிருந்து என்று மட்டும் காட்டும். தனி ஒழுக்கம் எதையும் யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இதை நிரலில் எழுதும்போது பெரும்பாலோர் முதலில் எழுதும் வடிவம் இப்படி இருக்கும்: உரையாடலைப் படி, உரிமையாளர் யாரும் இல்லையா என்று பார், இல்லை என்றால் என் பெயரைப் போடு. படிப்பதற்கும் போடுவதற்கும் நடுவில் இருக்கிற சில மில்லிவினாடிகளில் இன்னொருவரும் படித்திருப்பார், அவருக்கும் காலியாகவே தெரிந்திருக்கும். இருவர் பெயரும் எழுதப்படும், கடைசியாக எழுதியது நிற்கும், ஆனால் இருவருடைய திரையிலும் எழுதும் பெட்டி திறந்திருக்கும். சோதித்துப் பார்க்கும்போது இது கண்ணில் படாது. ஒருவராக அழுத்தினால் எல்லாம் சரியாகவே நடக்கும்.

பார்ப்பதையும் போடுவதையும் டேட்டாபேஸிடம் ஒரே கட்டளையாகக் கொடுக்க வேண்டும்:

```sql
UPDATE conversations
   SET owner_id = 7,
       claim_no = claim_no + 1,
       claim_until = now() + interval '20 minutes'
 WHERE id = 4183
   AND (owner_id IS NULL OR claim_until < now())
RETURNING claim_no, last_seq;
```

ஒரு வரிசை திரும்பி வந்தால் கிடைத்தது. எதுவும் வரவில்லை என்றால் வேறொருவர் முந்திவிட்டார். நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இதை அனுப்பினால், இரண்டாமவரின் கட்டளை முதலாவது முடியும்வரை காத்திருக்கும்; முடிந்ததும் `WHERE` நிபந்தனையைப் புதிய மதிப்பின் மேல் மறுபடியும் பார்க்கும்; இப்போது உரிமையாளர் இருப்பதால் பொருந்தாது. தனியாக லாக் எதுவும் எழுதத் தேவையில்லை. இங்கே கவனிக்க வேண்டியது நேரம். `now()` என்பது டேட்டாபேஸ் சர்வரின் கடிகாரம். ஊழியரின் மடிக்கணினி நேரத்தை இதில் கலந்தால், கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிற ஒருவர் `claim_until`-இல் இருக்கும் மற்றவர்களுடைய கெடுவை முன்கூட்டியே தாண்டிவிடுவார்.

எழுதுகிறவரின் பெயர் மற்றவர்கள் பட்டியலில் தெரியும் அடையாளத்தையும் வைத்தோம். அது பயனுள்ளதுதான், வீண் கிளிக்குகள் குறையும். ஆனால் அது தாமதமாக வரலாம், வராமலும் போகலாம். எதை அனுமதிப்பது என்ற முடிவு எந்த இடத்திலும் அதைச் சார்ந்திருக்கவில்லை.

கெடு, அப்புறம் கெடு தாண்டிய பதில்

கட்டளையில் இருக்கும் இருபது நிமிடம் ஏன்? கெடு இல்லாவிட்டால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவரிடம் மெயில்கள் மாட்டிக்கொள்ளும். எனவே பிடி தானாகத் தளர வேண்டும். எழுதும் பெட்டியில் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்வரை நிமிடத்துக்கு ஒருமுறை கெடு இருபது நிமிடம் தள்ளிப்போகும். பக்கம் திறந்திருப்பதை மட்டும் வைத்துத் தள்ளிப்போடக் கூடாது. திறந்த பக்கத்தை அப்படியே விட்டுச் சாப்பிடப் போகிறவர் மெயிலை மதியம் முழுக்கப் பிடித்து வைத்திருப்பார். இருபது என்ற எண் எல்லோருக்கும் பொருந்தாது. பதில் எழுதத் தொடங்கியதிலிருந்து அனுப்பும்வரை உங்கள் குழுவில் எவ்வளவு ஆகிறது, நடுவில் கணக்கைச் சரிபார்க்கவும் உள்ளே யாரையாவது கேட்கவும் எவ்வளவு நேரம் கை விசைப்பலகையை விட்டு விலகியிருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும். மிகக் குறைத்தால் வேலை நடக்கும்போதே பிடி நழுவும். மிகக் கூட்டினால் வாடிக்கையாளர் காத்திருப்பார்.

கெடு வைத்ததுமே புதுச் சிக்கல் ஒன்று பிறக்கிறது. அதுதான் இந்த வடிவமைப்பின் மையம் என்பேன். ஒருவர் எடுத்தார், மடிக்கணினியை மூடினார், கெடு தாண்டியது, இன்னொருவர் எடுத்துப் பதிலும் அனுப்பிவிட்டார். முதலாமவர் மடிக்கணினியைத் திறக்கிறார். அவர் திரையில் எல்லாம் விட்டது விட்டபடி இருக்கிறது, அனுப்பு பொத்தானும் இருக்கிறது. அழுத்துகிறார். கைபேசி அவுட்பாக்ஸில் நடந்த அதே கதை. எடுக்கும் இடத்தில் மட்டும் பூட்டு வைத்தால், கெடு இருக்கிற எந்த ஏற்பாட்டிலும் இந்த ஓட்டை இருக்கும்.

எனவே அனுப்பும் இடத்தில் இரண்டாவது வாயில். எடுக்கும்போது கிடைத்த `claim_no` என்ற எண் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் ஒன்று கூடும். `last_seq` என்பது அந்த உரையாடலில் கடைசியாகச் சேர்ந்த மெயிலின் வரிசை எண். வந்ததும் போனதும் இரண்டும் அதில் எண்ணப்படும். எழுதும் பெட்டி திறக்கும்போது ஊழியர் பார்த்த இந்த இரண்டு எண்களையும் அனுப்பும்போது திருப்பித் தர வேண்டும்:

```sql
UPDATE conversations
   SET last_seq = last_seq + 1
 WHERE id = 4183 AND owner_id = 7
   AND claim_no = 12 AND last_seq = 3
RETURNING last_seq;
```

வரிசை திரும்பி வந்தால் மட்டும், அதே டிரான்சாக்‌ஷனில், பதில் அனுப்ப வேண்டியவை பட்டியலில் சேரும். வரவில்லை என்றால் எதுவும் போகாது.

இதில் கெடு சரிபார்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அது வேண்டுமென்றே விட்டது. கெடு தாண்டியிருந்தும் வேறு யாரும் எடுக்கவில்லை என்றால், பழையவர் அனுப்புவதில் எந்தக் கெடுதலும் இல்லை. அவரை நிறுத்தினால் எழுதியதுதான் வீணாகும். கெடு தாண்டுவது மற்றவர் எடுக்கலாம் என்ற அனுமதி மட்டுமே. அவர் உண்மையில் எடுத்துவிட்டால் `claim_no` 13 ஆகிவிடும், 12-ஐக் கையில் வைத்திருப்பவர் அனுப்ப முடியாது. தடுக்கப்பட்டவர் எழுதியது அழிந்துவிடாமல் உள்குறிப்பாக அந்த உரையாடலிலேயே சேரும்படி செய்தோம். ஊழியர்கள் இந்த வாயிலோடு சண்டை போடாமல் இருந்ததற்கு அதுதான் பெரிய காரணம்.

`last_seq` நிபந்தனையால் இன்னும் சில விஷயங்கள் சேர்ந்தே தீர்கின்றன. அனுப்பு பொத்தானை இருமுறை அழுத்தினால் இரண்டாவது அழுத்தம் 3 என்று சொல்லும், அங்கே 4 இருக்கும், நின்றுவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளரே "சரியாகிவிட்டது, விட்டுவிடுங்கள்" என்று எழுதியிருந்தால் பதில் நின்று, அந்தப் புது மெயில் கண்முன் வரும். அதே ஊழியர் இணைப்பை மறந்துவிட்டு மறுபடி அனுப்ப நினைத்தால் தடையில்லை. தன் முதல் பதிலைப் பார்த்த பிறகுதானே எழுதுகிறார். முதலாவதைப் பார்க்காமல் எழுதிய இரண்டாவது பதில் மட்டும்தான் தடுக்கப்படுகிறது.

ஒரே ஒரு தொல்லை வந்தது. வாடிக்கையாளரின் விடுமுறை அறிவிப்பு போன்ற தானியங்கி மெயில்களும் எண்ணைக் கூட்டின. காரணமில்லாமல் பதில்கள் நின்றன. `Auto-Submitted` என்ற தலைப்பு வரியில் `no` தவிர வேறு எது இருந்தாலும் அந்த மெயில் எண்ணைக் கூட்டாது என்று வைத்ததும் பெருமளவு சரியானது. இந்த வரியை ஆர்எஃப்சி 3834 இதற்காகவே வகுத்திருக்கிறது. எல்லாத் தானியங்கிகளும் அதைப் போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி ஒன்று, மெயில் இரண்டு

மேலே சொன்ன இரண்டு வாயில்களும் ஓர் உரையாடலைக் காக்கின்றன. ஒரே கேள்வி இரண்டு உரையாடல்களாகப் பிரிந்து கிடந்தால் இரண்டுக்கும் இரண்டு பேர் நியாயமாகவே பதில் எழுதுவார்கள். எங்கள் இரட்டைகளில் பெரும்பகுதி இதுதான் என்பதால் இதில் அதிக நேரம் செலவிட்டோம்.

சிசி பிரதி எளிது. பல முகவரிகளுக்குப் போகும் ஒரே மெயிலின் எல்லாப் பிரதிகளிலும் `Message-ID` ஒன்றாகவே இருக்கும். அது ஒத்துப்போனால் ஒரே உரையாடலில் சேர்த்துவிடலாம். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஆபத்து: சில இணையப் படிவங்கள் எல்லா மெயிலுக்கும் ஒரே `Message-ID`-யைப் போட்டு அனுப்புகின்றன. அப்போது வேறு வேறு வாடிக்கையாளர்களின் கேள்விகள் ஒரே உரையாடலில் விழுந்து, ஒருவருடைய விவரம் இன்னொருவருக்குப் போய்விடும். இரட்டைப் பதிலைவிட அது பல மடங்கு மோசம். அதனால் `Message-ID`, `From`, `Date` மூன்றும் ஒத்தால் மட்டுமே ஒரே மெயில் என்று வைத்தோம். அப்போதும் பிரதியை வீசிவிடுவதில்லை, முதல் பிரதியின் கீழே அடுக்கி வைக்கிறோம்.

புதுத் தலைப்பில் வரும் இரண்டாவது மெயில்தான் கடினம். அதில் `In-Reply-To`, `References` எதுவும் இருக்காது. தலைப்பு ஒற்றுமையை வைத்துத் தானாக இணைக்கலாம் என்று தோன்றும். அதைச் செய்யக் கூடாது. "பில் சந்தேகம்" என்ற தலைப்பில் எத்தனை பேர் எழுதுவார்கள்! நாங்கள் வைத்தது ஒரு நிறுத்தம். ஒருவர் "பதில் எழுது" என்று அழுத்தும்போது, அதே அனுப்புநரிடமிருந்து வேறொரு உரையாடல் திறந்திருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி "இரண்டும் ஒன்றா, வேறா?" என்று கேட்கும். ஒன்று என்றால் இணையும். மற்றதை வேறொருவர் எடுத்திருந்தால் இதுவும் அவரிடமே போகும். வேறு என்றால் தனியே தொடரலாம், அந்த இணைக்கு மறுபடி கேட்காது. இதை மனிதரிடம் விட்டதற்குக் காரணம், ஒரு பெரிய அலுவலகம் ஒரே முகவரியிலிருந்து சம்பந்தமில்லாத பல கேள்விகளை அனுப்பும் வழக்கம். எல்லாவற்றையும் தானாக ஒருவர் தலையில் கட்டினால் அவர் அன்று வேறு வேலையே பார்க்க முடியாது.

கடைசிக் கம்பியில் வரும் இரட்டை

டேட்டாபேஸில் ஒரே ஒரு பதில் பதிவாகியும் வாடிக்கையாளருக்கு இரண்டு போகலாம். எஸ்எம்டிபியில் அனுப்பும் பக்கம் மெயிலின் முடிவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியை அனுப்பிவிட்டு, `250` என்ற ஒப்புதலுக்குக் காத்திருக்கும். பெறும் சர்வர் மெயிலை வாங்கிவிட்டு, ஒப்புதல் வருவதற்குள் இணைப்பு அறுந்தால், போனதா இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியில்லை. மறுபடி அனுப்பினால் இரட்டை, அனுப்பாவிட்டால் இழப்பு. 1988-இலேயே ஆர்எஃப்சி 1047 இந்தச் சிக்கலை எழுதி வைத்திருக்கிறது.

இதை முழுக்க ஒழிக்க முடியாது, குறைக்கலாம். அந்தப் புள்ளிக்குப் பிறகு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 5321. நிரல் நூலகத்தில் காத்திருக்கும் நேரத்தை அதைவிடக் குறைவாக வைத்திருந்தால், பெறும் சர்வர் கொஞ்சம் மெதுவாக இருந்தாலே தேவையில்லாமல் மறுமுயற்சி நடக்கும், அதைக் கூட்டினோம். பதிலின் `Message-ID`-யை ஒவ்வொரு முயற்சியின்போதும் புதிதாக உருவாக்காமல், பட்டியலில் சேரும்போதே ஒருமுறை உருவாக்கி வைத்தோம். அப்போது மறுமுயற்சியும் அதே மெயிலாகவே போகிறது. பெறும் பக்கம் பிரதியை அடையாளம் காண வாய்ப்பாவது இருக்கும். சந்தேகம் வந்தால் மறுபடி அனுப்புவது என்றே முடிவு செய்தோம். ஒரே வாசகம் இரண்டு முறை வருவது ஒரு சின்னத் தொந்தரவு. பதிலே வராமல் போவது அப்படி அல்ல.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

எடுக்கும் வாயிலுக்கு, இரண்டு நிரல்கள் ஒரே உரையாடலை ஒரே நொடியில் எடுக்க முயலும்படி ஆயிரம் முறை ஓட விட்டோம். ஒவ்வொரு சுற்றிலும் சரியாக ஒருவருக்குக் கிடைக்க வேண்டும். இருவருக்கும் கிடைத்தாலும் பிழை, ஒருவருக்கும் கிடைக்காவிட்டாலும் பிழை. அனுப்பும் வாயிலுக்கு மனிதச் சோதனை: ஒருவர் பாதி எழுதி மடிக்கணினியை மூடுவார், கெடு தாண்டியதும் இன்னொருவர் எடுத்து அனுப்புவார், முதலாமவர் திறந்து அனுப்பு பொத்தானை அழுத்துவார். நின்றதா, எழுதியது குறிப்பாகச் சேர்ந்ததா என்று பார்த்தோம். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பக்கத்தின் நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் முன்பக்கத்தில் யாராவது அனுப்புவதற்குச் சற்று முன் `claim_no`-வைச் சர்வரிலிருந்து புதிதாக வாங்கும்படி மாற்றிவிட்டால் வாயில் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். பழைய எண் பழையதாகவே இருப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

தினசரிக் கண்காணிப்புக்கு டேட்டாபேஸின் எண்களைப் பார்ப்பதில் பயனில்லை. அதே எண்களை வைத்துத்தான் வாயில் தடுக்கிறது. அவை எப்போதும் சுத்தமாகவே தெரியும். ஆரம்பத்தில் செய்த அந்த இரண்டாவது தொகுப்பையே வாரம் ஒருமுறை ஓட்டுகிறோம்: ஒரே பெறுநர், ஒரு நாளுக்குள், இரண்டு ஊழியர்கள், நடுவில் அவரிடமிருந்து மெயில் இல்லை.

அந்தப் பட்டியலில் இப்போதும் வருபவை கிட்டத்தட்ட எல்லாமே ஒரே வகை. ஒரு மெயிலுக்கு எங்கள் ஊழியர் ஒருவர் சப்போர்ட் பக்கத்துக்கு வெளியே, தன் சொந்த அலுவலக முகவரியிலிருந்து பதில் எழுதிவிடுகிறார், பொதுப் பெட்டியை சிசியில் போட்டு. அந்தப் பிரதி பெட்டிக்கு வந்ததும் அதையும் ஒரு பதிலாக எண்ணி `last_seq`-ஐக் கூட்டுகிறோம். அப்போது பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவர் நின்றுவிடுகிறார். சிசி போடாமல் எழுதினால் எங்களால் எதுவும் செய்ய முடியாது. பெறுநர் ஒருவரே என்றாலும் அலுவலக முகவரியிலிருந்து ஒருமுறை, சொந்த முகவரியிலிருந்து ஒருமுறை கேட்கும் வாடிக்கையாளரை இந்தப் பட்டியலும் பிடிக்காது. அதற்கு இப்போது மெயிலில் இருக்கும் சந்தா எண்ணை எடுத்து, முகவரிக்குப் பதில் அதை வைத்து "ஒன்றா, வேறா?" என்று கேட்கும்படி செய்துகொண்டிருக்கிறோம். பணம் திருப்பும் பொத்தானும் தனியாக மாறியிருக்கிறது: ஒரு கட்டணத்துக்கு ஒரே ஒரு திருப்பம்தான் என்று கட்டண எண்ணின் மேல் டேட்டாபேஸில் தடை இருக்கிறது. வங்கி நிறுத்தி வைத்த தொகை தீரும்வரை அதே சந்தாவின் மற்றக் கட்டணத்தைத் திருப்ப முயன்றால் அந்தப் பொத்தான் காரணத்தைக் காட்டி, இன்னொருவரின் ஒப்புதலைக் கேட்கிறது.